அம்மா, அவசரம்னா 15

போன் பக்கத்திலேயே இதை ஒட்டியிருக்கிறேன். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் முதலில் எனக்கு அடிக்காதே, இங்கே ரீயூனியனில் மருத்துவ அவசரத்துக்கான 15-க்கு அடி. போன் பூட்டியிருந்தால் 112. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கீழே தமிழ் எழுத்தில் இருக்கும் பிரெஞ்சு வரிகளை அப்படியே படி. உச்சரிப்பு எப்படி வந்தாலும் பரவாயில்லை, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் போதும்.

முதலில் விலாசம். லைன் அறுந்தாலும் அது அவர்களிடம் இருக்கும்.

போன்ஜூர். லத்ரெஸ் ஸே: சேன்த் ஆந்ரே. கம்புஸ்தோன். தூஸ், ரூ தே மான்கியே. மேஸோன் வேர்த், போர்தாய் ப்லான். (பன்னிரண்டாம் எண், பச்சை வீடு, வெள்ளைக் கேட்)

ஜு ரெப்பேத். (திரும்பச் சொல்கிறேன். முழு விலாசத்தையும் இன்னொரு தடவை படி.)

ஸே பூர் மோன் மரி. இல் ஆ சுவாசான்த் தீஸான். (என் கணவருக்காக. எழுபது வயது)

அப்புறம், நடப்பது எதுவோ அதை மட்டும்:

இல் ஆ மால் ஆ லா புவாத்ரீன். (நெஞ்சு வலி)
இல் ரெஸ்பீர் மால். (மூச்சு வாங்குகிறது)
இல் நு ரெஸ்பீர் பா. (மூச்சே இல்லை)
சா பூஷ் ஏ தோர்த்யூ. (வாய் கோணியிருக்கிறது)
சோன் ப்ரா நு பூஜ் பா. (கை அசையவில்லை)
இல் நாரீவ் பா ஆ பார்லே. (பேச வரவில்லை)

வாய், கை, பேச்சு மூன்றில் ஒன்று தெரிந்தாலும் சொல்லிவிடு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கட்டாயம் கேட்பார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதாரணமாகப் பத்து மணி என்றால் 'ஆ தீஸ் எர்'. 'சரியாப் போயிடும்' என்று அப்பா சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதே. அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

இல் ஏ தியாபெத்தீக். (சர்க்கரை உண்டு) மாத்திரை கேட்டால் அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படி.

முதலில் எடுப்பவர் விவரம் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் மாற்றுவார். நடுவில் சத்தமில்லாமல் இருந்தால் கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. 'நு ரக்ரோஷே பா' என்றால் வைக்காதே என்று அர்த்தம். 'எஸ்கில் ரெஸ்பீர்?' என்றால் மூச்சு விடுகிறாரா என்று கேட்கிறார்கள். 'வீ' ஆமாம், 'நோன்' இல்லை.

புரியாவிட்டால்: ஜு பார்ல் தமூல். பார்லே லான்த்மான், சில் வூ ப்ளே. (நான் தமிழ் பேசுகிறவள். மெதுவாகப் பேசுங்கள்)

அப்போதும் முடியாவிட்டால் போனைக் கையில் பிடித்தபடியே பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடு. வணக்கம் தவிர அவருக்குத் தமிழ் வராது, ஆனால் பிரெஞ்சில் எல்லாம் சொல்லிவிடுவார்.

அவர்கள் வைக்கச் சொன்ன பிறகு கேட்டைத் திறந்து வாசல் லைட்டைப் போடு, நாயைப் பின்பக்கம் கட்டு. மருந்துப் பையும் பாஸ்போர்ட்டும் ஹால் அலமாரி மேல்தட்டில் இருக்கின்றன. அப்புறம் எனக்கு அடி.