சேலம் மாக்கல் அடுப்படி: கடை அறிமுகமும் விற்பனை விதிகளும்

வணக்கம். இது கல்சட்டி மட்டும் விற்கும் சிறிய கடை. சேலத்தில் இருந்து அனுப்புகிறோம். கடை திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதனால் மதிப்புரைப் பகுதி காலியாக இருக்கிறது. முகம் தெரியாத கடையில், அதுவும் உடையக்கூடிய பொருளுக்கு, முன்பணம் கட்டத் தயக்கம் வருவது நியாயம். வாங்கும் முன் நீங்களே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விவரங்களும், ஏதாவது தவறினால் நாங்கள் என்ன செய்வோம் என்பதும் கீழே இருக்கின்றன. ஆர்டர் போடும் முன் 'உடைந்தால்', 'விரிந்தால்' என்ற இரண்டு பகுதிகளையாவது படித்துவிடுங்கள்.

நாங்கள் செய்வதும் செய்யாததும்

சட்டியை நாங்கள் கடைவதில்லை. சேலம் வட்டாரத்தில் மாக்கல் கடைபவர்களிடம் வாங்குகிறோம். ஒவ்வொன்றையும் சோதித்து, கேட்பவர்களுக்கு எண்ணெயும் கஞ்சியும் கொண்டு சமையலுக்குப் பழக்கி, பெட்டி கட்டி அனுப்புவதுதான் எங்கள் வேலை. வாரத்துக்கு 12 சட்டிக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு மேல் போனால் சோதனையை அவசரமாக முடிக்க வேண்டிவரும்.

ஒவ்வொரு சட்டிக்கும் மூன்று சோதனை உண்டு. முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். நல்ல கல் கிண்ணென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மொத்தையாக அடங்கும். அடுத்து, கல்லில் தெரியும் ஒவ்வொரு கோட்டின் மேலும் நகத்தை ஓட்டிப் பார்ப்போம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது கல்லின் இயற்கையான நரம்பு. நகம் மாட்டினால் விரிசல், அந்தச் சட்டியை விற்பதில்லை. கடைசியாக, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி, அடியில் உலர்ந்த செய்தித்தாள் விரித்து ஓர் இரவு வைப்போம். காலையில் தாளில் ஈரத் தடம் இருந்தால் அதையும் ஒதுக்கிவிடுவோம்.

படத்தில் இருப்பதே உங்களுக்கு வரும்

ஒரே படத்தைப் பத்துச் சட்டிக்குப் போடுவதில்லை. ஒவ்வொரு சட்டிக்கும் தனி எண், தனிப் படம். மேல், பக்கம், அடி, உள்பக்கம் என நான்கு படங்களும், தராசில் வைத்த ஒரு படமும் இருக்கும். கையால் கடைந்த பொருள் என்பதால் விளிம்பின் கனம் இடத்துக்கு இடம் சற்று மாறும். உளித் தடமும் இருக்கும். இவற்றைக் குறையாகக் கருதுபவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழக்காத சட்டி வெளிர் சாம்பல் நிறம், பழக்கியது கறுப்பு. படத்தில் கறுப்பாக இருக்கும் சட்டியை, பழக்காதது என்று விற்கமாட்டோம்.

அளவும் விலையும்

கொள்ளளவை விளிம்பு வரை அளக்கவில்லை. சமைக்கும்போது பொங்காமல் இருக்க, ஒரு விரல் இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றி அளந்தது.

அரை லிட்டர் (எடை சுமார் 1 முதல் 1.3 கிலோ): 520 ரூபாய். இரண்டு பேருக்கு வத்தக்குழம்பு வைக்கலாம்.
1 லிட்டர் (1.8 முதல் 2.3 கிலோ): 780 ரூபாய். நால்வர் வீட்டுக்குக் குழம்பு, கீரை மசியல்.
2 லிட்டர் (3.2 முதல் 4 கிலோ): 1,250 ரூபாய். பருப்போடு நிரம்பிய சட்டியைத் தூக்கக் கைவலு வேண்டும். முதல்முறை வாங்குபவர்களுக்கு 1 லிட்டரையே பரிந்துரைக்கிறோம்.

பழக்கியது வேண்டுமென்றால் எந்த அளவுக்கும் 250 ரூபாய் கூடுதல், 12 நாள் கூடுதல். மூடி கிடையாது. உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டே போதும்.

எங்கெல்லாம் அனுப்புகிறோம்

தமிழ்நாட்டுக்குள் மட்டும். எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. பதிவு இல்லாத சிறு விற்பனையாளர், இதுபோன்ற இணையச் சந்தைத் தளங்கள் வழியாகச் சொந்த மாநிலத்துக்குள் பொருள் விற்க 2023 அக்டோபரில் இருந்து அனுமதி இருக்கிறது. மாநில எல்லை தாண்டினால் பதிவு கட்டாயம். அதனால் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குக்கூட இப்போது அனுப்ப முடியாது. பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக எதுவும் வாங்குவதில்லை.

அனுப்பும் கட்டணம்: அரை லிட்டருக்கு 110, 1 லிட்டருக்கு 160, 2 லிட்டருக்கு 240 ரூபாய். 2 கிலோ சட்டிக்கு இவ்வளவா என்று தோன்றும். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, வரும் எண்ணையும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் போடுகிறார்கள். 1 லிட்டர் சட்டியின் பெட்டி 30 × 30 × 25. கணக்குப்படி 4.5 கிலோ. பெட்டியைச் சிறிதாக்கினால் கட்டணம் குறையும், ஆனால் சட்டி உடையும்.

பழக்காத சட்டி, ஆர்டர் வந்த 3 வேலைநாளில் கிளம்பும். ஞாயிறன்று அனுப்புவதில்லை.

கட்டும் முறை

சட்டிக்குள் கசக்கிய தாளை இறுக்கமாக நிரப்பி, விளிம்பைச் சுற்றி அட்டைப் பட்டை வைத்து, வெளியே நான்கு சுற்றுக் குமிழித்தாள். இதை 5 அடுக்கு அட்டைப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைப்போம். இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 4 சென்டிமீட்டர் தேங்காய் நார். வழியில் முதலில் அடிவாங்குவது விளிம்புதான், அதனால்தான் அதற்குத் தனிப் பட்டை. ஒரு பெட்டியில் ஒரு சட்டிதான். இரண்டை ஒன்றாகக் கட்டினால் ஒன்றையொன்று உடைத்துவிடும். பெட்டியை மூடும் முன் எடுக்கும் சிறு காணொளி, கிளம்பும் அன்றே உங்கள் ஆர்டர் செய்திப் பகுதிக்கு வரும்.

பணம்

முன்பணமாகவும் கட்டலாம். ஓர் ஆர்டருக்கு ஒரு சட்டி வரை கேஷ் ஆன் டெலிவரியும் உண்டு, கூடுதல் கட்டணம் இல்லை. முதல்முறை வாங்குபவர்கள் அதையே தேர்ந்தெடுங்கள், எங்களுக்கு அதில் வருத்தமில்லை. ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறோம்: வேண்டாம் என்று மனம் மாறினால் பெட்டி கிளம்பும் முன் ரத்து செய்துவிடுங்கள். கிளம்பிய பெட்டியை வாசலில் திருப்பி அனுப்பினால் போகவர இரண்டு கூலியும் எங்கள் தலையில் விழும்.

உடைந்தால்

பெட்டி வந்ததும், பிரிப்பதை ஒரே ஓட்டமாகக் காணொளி எடுங்கள். வெளிப்பெட்டியின் ஆறு பக்கமும் தெரிந்தால் போதும். இது உங்கள் மேல் உள்ள சந்தேகத்தால் கேட்பதல்ல. கூரியரிடம் நாங்கள் இழப்பீடு கேட்க அது தேவை. காணொளி எடுக்க மறந்துவிட்டாலும் உங்களுக்கு மாற்றுச் சட்டி உண்டு. வந்து 48 மணி நேரத்துக்குள் இரண்டு படங்கள் அனுப்புங்கள்: உடைந்த இடம் ஒன்று, பெட்டியில் ஒட்டிய முகவரிச் சீட்டு ஒன்று.

உடைந்த சட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மாற்றுச் சட்டியா, முழுப்பணமா என்பது உங்கள் விருப்பம். பணம் என்றால் அனுப்பும் கட்டணமும் சேர்த்தே திரும்பும். 2 வேலைநாளில் நாங்கள் அனுப்பிவிடுவோம். அது உங்கள் கணக்கில் ஏற வங்கியைப் பொறுத்து ஒரு வாரம்வரை ஆகலாம்.

அடுப்பில் வைத்தபின் விரிந்தால்

கல்சட்டியில் பெரிய சிக்கல் இதுதான். கல்லுக்குள்ளே மறைந்திருக்கும் நரம்பு, முதல் சில சூட்டில்தான் வாய் திறக்கும். எங்களுடைய மூன்று சோதனையிலும் அது தப்பிவிடலாம். 'பயன்படுத்திய பொருளுக்குப் பொறுப்பில்லை' என்று எழுதிவிட்டால் அந்தக் குறை முழுக்க உங்கள் தலையில் விழும். அதனால் பெட்டி வந்த நாளில் இருந்து 60 நாளுக்குள் சட்டி விரிந்தால், ஒருமுறை மாற்றித் தருவோம். கல்லின் குறையா, கையாண்ட விதமா என்று விசாரிக்கமாட்டோம். விரிசலில் தண்ணீர் கசியும் படம் ஒன்று போதும். மாற்றாக வந்த சட்டிக்கு மறுபடி இந்த உறுதி கிடையாது. கீழே விழுந்து உடைந்ததற்கும் கிடையாது.

பழக்காத சட்டி வாங்கியவர்கள் இந்த முறையைப் பின்பற்றுங்கள். இதே தாள் பெட்டியிலும் இருக்கும்.

தண்ணீரில் கழுவுங்கள். முதலில் வெள்ளைத் தூள் வரும், அது கல்மாவு. தண்ணீர் தெளியும் வரை கழுவிக் காயவையுங்கள். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஒரு நாள் வையுங்கள். இதை மூன்று நாள் செய்யுங்கள். பிறகு ஏழு நாள், அன்றன்று வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக ஊற்றி, மறுநாள் கொட்டிக் கழுவி, புதுக் கஞ்சி ஊற்றுங்கள். அடுத்த நாள் கஞ்சியோடு மிகச் சிறிய தீயில் 20 நிமிடம் வைத்து, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். அதன்பின் குழம்பு வைக்கலாம்.

வெறும் சட்டியை அடுப்பில் வைக்கக் கூடாது. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளிர்பெட்டியில் இருந்து எடுத்து நேரே தீயில் ஏற்றக் கூடாது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: ஒரு பக்கமும் மறுபக்கமும் திடீரென்று வெவ்வேறு சூட்டுக்குப் போனால் கல் தாங்காது. இடுக்கியால் விளிம்பைப் பிடித்தால் சில்லு பெயரும். துணி கொண்டு இரு கையால் தூக்கிப் பிரிமணையில் வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், எண்ணெய் பிடித்த கல் அதை உறிஞ்சி அடுத்த குழம்பில் வாசம் காட்டும். கடலைமாவோ சீயக்காயோ போதும். இண்டக்‌ஷன் அடுப்பில் இது சூடாகாது.

அடுப்பை அணைத்த பின்னும் குழம்பு சில நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். பதம் வர கொஞ்சம் முன்பே அணைத்துவிடுங்கள்.

பிடிக்கவில்லை என்றால்

எண்ணெயோ கஞ்சியோ படாத சட்டியை 7 நாளுக்குள் திருப்பலாம். திருப்பி அனுப்பும் கூலி உங்களுடையது. சட்டியின் விலையை முழுதாகத் தருவோம், பிடித்தம் இல்லை. அளவோ எண்ணோ மாறி வந்திருந்தால் அது எங்கள் பிழை. கூலியும் எங்களுடையது. உங்களுக்கென்று பழக்கிய சட்டியை, மனம் மாறியதற்காகத் திரும்ப வாங்க முடியாது. உடைசலுக்கும் விரிசலுக்கும் மேலே சொன்ன உறுதி அதற்கும் உண்டு.

கேள்வி, புகார்

கடைப் பக்கத்தின் செய்திப் பொத்தானில் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், குரல்பதிவும் அனுப்பலாம். திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் மாலை 6 மணிக்குள் வந்தவற்றுக்கு அன்றே பதில். புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. எங்கள் இலக்கு 5 நாள். எங்கள் பதில் திருப்தி தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

மதிப்புரை பற்றி

உறவினர்களையோ நண்பர்களையோ எழுதச் சொல்லி இந்தப் பகுதியை நிரப்பமாட்டோம். நட்சத்திரத்துக்குப் பரிசோ தள்ளுபடியோ கிடையாது. சட்டி வந்த அன்றே எழுதாதீர்கள். பழக்கி, இரண்டு மூன்று முறை குழம்பு வைத்துப் பார்த்த பிறகு எழுதுங்கள். குறை இருந்தால் அதையும் சட்டியின் எண்ணோடு எழுதுங்கள். அடுத்த முறை அந்தக் கல்லை வாங்கும் இடத்திலேயே கவனிக்க எங்களுக்கு அது உதவும்.