கோயம்புத்தூர் லான்ச் பிராண்ட் ஸ்ட்ராட்டஜி (பழைய டிராஃப்டை மறந்துடுங்க)

டீமுக்கு,

வீட்டு ரிப்பேருக்கு ஆள் புக் பண்ற நம்ம ஆப்புக்காக போன வாரம் பீளமேடு, கணபதி பக்கம் 22 பேர்கிட்ட பேசினேன், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக்னு. வந்ததும் பழைய டிராஃப்டை தூக்கி போட்டுட்டேன்.

அதுல கஸ்டமருக்கு "கம்மி ரேட்"னு சொல்றோம், வேலை செய்யறவருக்கு "கை நிறைய சம்பாதிங்க"ன்னு சொல்றோம். 199னு விளம்பரம் பாத்துட்டு புக் பண்ண அக்காவும், அது பெட்ரோலுக்கே பத்தாதுன்னு முனகிட்டே வர்ற பிளம்பரும் ஒரே வாசப்படில நிப்பாங்க, அப்புறம் அவர் நம்பர் குடுத்துட்டு போவாரு, அடுத்த தடவ நேரா கூப்பிட்டுக்குவாங்க, நாம வெளிய.

அதனால ரெண்டு பேருக்கும் ஒரே வாக்கு: "சொன்ன ரேட்டு, சொன்ன நேரம்." பில்லுல கூலி எவ்ளோ, பொருள் எவ்ளோ, நம்ம பங்கு எவ்ளோன்னு ரெண்டு போன்லயும் ஒரே மாதிரி தெரியணும். நம்ம பங்கை கஸ்டமர்கிட்ட காட்டறதா? ஆமாங்க, காட்டித்தான் ஆகணும்.

எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "எவ்ளோ புடிப்பீங்க?" தான். பெங்களூர்ல "நம்ம யாத்ரி"ங்கற ஆட்டோ ஆப்ல கமிஷனே வேண்டாம்னு டிரைவர்கிட்ட நாள் சந்தா வாங்கினாங்க, டிரைவருங்களே அதை பரப்பினாங்க. அதை அப்படியே காப்பி அடிக்க முடியாது, ஆட்டோவுக்கு நாள் பூரா சவாரி இருக்கும், பிளம்பருக்கு இன்னிக்கு மூணு வேலை நாளைக்கு ஒண்ணுமே இருக்காது. அதனால முடிஞ்ச வேலைக்கு 40 ரூபா, அவ்ளோதான். விசிட்டிங் சார்ஜ் 150 முழுசா அவருக்கு.

இன்னொண்ணு, 2021ல குர்கான்ல அர்பன் கம்பெனி ஆபீஸ் வாசல்ல பியூட்டீஷியன் பெண்கள் கமிஷனை எதிர்த்து உக்காந்தது நாடு பூரா நியூஸ் ஆச்சு. கஸ்டமரும் அதை படிச்சிருப்பாங்கல்ல. எனக்கு அதைவிட பயம் வேலை செய்யறவரோட ஐடி பிளாக் ஆகறது. ரேட்டிங் குறைஞ்சா தானா பிளாக் ஆகக்கூடாது, நம்ம ஆள் ஒருத்தர் போன் பண்ணி என்ன ஆச்சுன்னு கேக்கணும்.

நம்பர் குடுக்கறதை தடுக்க போராட வேண்டாம், தோத்துருவோம். ஆப்ல புக் பண்ணா 30 நாள் வாரண்டி, மறுபடி ஒழுகினா நம்ம செலவுல ஆள் வரும், அவருக்கும் அந்த விசிட்டுக்கு காசு உண்டு. திரும்ப வர காரணம் இது.

டீஷர்ட் வேண்டாம். போட்டா கம்பெனி ஆளுன்னு மரியாதை இல்லாம பேசறாங்கன்னு நாலு பேர் சொன்னாங்க. ஆப்ல போட்டோ, பேரு, எத்தனை வருஷ அனுபவம், போதும்.

முதல் மூணு மாசம் பீளமேடும் சரவணம்பட்டியும் மட்டும். 60 பேர் சேர்ற வரைக்கும் கஸ்டமர் விளம்பரத்துக்கு ஒரு பைசா கிடையாது. ஆள் சேக்கறது ஹார்டுவேர் கடை வாசல்ல, கஸ்டமர் பிடிக்கறது அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல.

டவுன்லோட் கணக்கை எனக்கு அனுப்பாதீங்க. ரெண்டாவது புக்கிங் எத்தனை, எத்தனை பிளம்பர் கூட்டாளியை கூட்டிட்டு வந்தாரு, இது ரெண்டும் போதும்.

வெள்ளிக்கிழமை லோகோ மீட்டிங் கேன்சல். பில் ஸ்கிரீனை பிரிண்ட் எடுத்துட்டு வாங்க, அந்த 22 பேர்ல அஞ்சு பேர்கிட்ட காட்டிட்டு வரலாம்.