சுகமில்லாத நாட்களில் லீவும் மருத்துவ உதவியும்: ராஜேஸ்வரி அக்காவுக்கு

ஹட்டன்
2025 மே 24

அன்புள்ள ராஜேஸ்வரி அக்காவுக்கு,

உங்களுக்குச் சுகமில்லாமல் போனால் லீவு எப்படி, சம்பளம் எப்படி, மருந்துச் செலவை யார் பார்ப்பது என்பதெல்லாம் இதுவரை வாய்ப்பேச்சாகவே இருந்தது. வாயால் சொன்னதைத் திரும்பக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று நானும் சேரும் முடிவு செய்தோம். ஜூன் 1 முதல் இதில் உள்ளபடி நடப்போம்.

உடம்பு முடியாத நாளில் வேலைக்கு வராதீர்கள். காய்ச்சல், வயிற்றோட்டம், இடுப்பு வலி, எதுவாக இருந்தாலும் சரி. அன்றைய சம்பளத்தை வெட்ட மாட்டோம். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை 14 நாள் இப்படி முழுச் சம்பளத்தோடு லீவு எடுக்கலாம். இந்த வருடத்தில் பாதி போய்விட்டாலும், இந்த வருடத்துக்கும் முழு 14 நாள் உண்டு. அதற்கு மேலும் தேவைப்பட்டால், அடுத்த 14 நாளுக்குப் பாதிச் சம்பளம் தருவோம்.

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டுப் பழகிவிட்டீர்கள். இங்கே அப்படி இல்லை. காலையில் வந்து பத்து மணிக்கு முடியாமல் போனால் சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்கு முழுச் சம்பளம்தான், லீவில் மட்டும் அரை நாள் கழியும். லீவு எடுத்ததற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்யவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரி வார்ட்டில் தங்க வேண்டி வந்தால், அந்த நாட்கள் 14 நாள் கணக்கில் சேராது. ஒரு மாதம் வரை அதற்கும் முழுச் சம்பளம். உங்கள் இடத்துக்கு யாரையாவது தற்காலிகமாகக் கூப்பிட வேண்டியிருந்தால், நீங்கள் திரும்பி வரும் வரைதான் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். மூன்று மாதம் வரை உங்கள் வேலை உங்களுக்காகவே இருக்கும்.

வர முடியாவிட்டால் காலை ஏழு மணிக்குள் ஒரு போன் போதும். காசு இல்லாவிட்டால் மிஸ்கோல் கொடுங்கள், நான் எடுக்கிறேன். மகள் பேசினாலும் சரிதான். முதல் இரண்டு நாளுக்கு எந்தத் துண்டும் கேட்க மாட்டோம். மூன்றாம் நாளும் வர முடியாவிட்டால் ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டுத் துண்டு கொண்டுவாருங்கள், தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டானாலும் போதும். என்ன வருத்தம் என்று எங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. நீங்கள் சொல்வது இந்த வீட்டை விட்டு வெளியே போகாது.

அடுத்தது உங்கள் கிளினிக். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மாதா மாதம் பிரஷருக்கும் சீனிக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் லீவாகவே கணக்கில் வராது. முழுச் சம்பளம் உண்டு, 14 நாளும் அப்படியே இருக்கும். வீட்டுக்கு விருந்தாட்கள் வருகிறார்கள், தீபாவளி வேலை இருக்கிறது என்று கிளினிக்கைத் தள்ளிப் போடாதீர்கள். சமையலை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பிரஷரும் சீனியும் கூடிக்கொண்டே போனாலும் வெளியே தெரியாது. தலைசுற்றல் இல்லையே என்று குளிசையை விட்டுவிடக் கூடாது. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி போட்டவுடன் எனக்குக் காட்டுங்கள், குசினிக் கலண்டரில் குறித்து வைப்போம்.

சீனிக் குளிசை போடுகிறவர் வெறும் வயிற்றோடு வேலை செய்வது ஆபத்து. வந்தவுடன் காலைச் சாப்பாடு, அப்புறம்தான் வேலை. பகல் சாப்பாடு ஒரு மணிக்கு, எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். வேலைக்கு நடுவில் கை நடுங்கி வியர்த்தால் உடனே உட்கார்ந்து சீனி போட்ட தேத்தண்ணி குடியுங்கள். சீனி டப்பா எப்போதும் மேசையில் இருக்கும்.

35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கிளினிக்கில் மார்பையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமாகச் சோதிப்பார்கள். நீங்கள் இதுவரை போகவில்லை என்று சொன்னீர்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் நாள் கேட்டுக்கொண்டு போய்வாருங்கள். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு. தனியாகப் போக வெட்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் பார்க்கலாம். ஆனாலும் சில மருந்துகளை வெளியில் வாங்க வேண்டி வரும், சில இரத்தப் பரிசோதனைகளை வெளியில் செய்ய வேண்டி வரும். இரவில் தனியார் டொக்டரிடம் ஓட வேண்டியும் வரலாம். இதற்கெல்லாம் வருடத்துக்கு 25,000 ரூபா வரை நாங்கள் தருவோம். போகவர ஓட்டோக் காசும் அதில் அடங்கும். இது கடன் இல்லை, சம்பளத்தில் பிடிக்கவும் மாட்டோம். பில் இருந்தால் கொடுங்கள். தொலைந்துவிட்டால் எவ்வளவு என்று சொன்னால் போதும். கையில் காசில்லாமல் வைத்தியத்தைத் தள்ளிப் போட வேண்டாம், முன்கூட்டியே கேளுங்கள். 25,000 போதாமல் போனால் மேலதிகத்தை வட்டியில்லாமல் தருவோம். அதை மட்டும் மாதம் 2,000 ரூபாவுக்கு மேல் போகாமல் கழித்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டு வேலையில் ஏற்படும் காயத்துக்கு இந்த எல்லை எதுவும் இல்லை. முழுச் செலவும் எங்களுடையது, லீவும் தனி. மழைக் காலத்தில் பின்பக்கப் படி பாசி பிடித்து வழுக்குகிறது. அதைத் தேய்த்துக் கழுவுவது சேரின் வேலை. சுடுதண்ணி கையில் பட்டால் பற்பசை பூசாதீர்கள், குழாய்த் தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். எங்கள் நாய்க்கு வருடா வருடம் ஊசி போடுகிறோம். இருந்தாலும் அது கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் கூட்டிப் போவேன்.

இன்னொன்று, காய்ச்சல். மகன் கொழும்பிலிருந்து வந்து போகிறார், அங்கே டெங்கு அதிகம். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பனடோல் மட்டும்தான், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். அஸ்பிரின், புருஃபன் கொடுக்கக் கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும், அந்தக் காசும் நாங்கள் தருகிறோம். பேரப்பிள்ளைக்கோ வீட்டில் வேறு யாருக்கோ முடியாமல் போனால், பார்த்துக்கொள்ள வருடத்தில் 5 நாள் சம்பளத்தோடு எடுக்கலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல் என்றால் எங்களுக்கு அடிக்காதீர்கள். முதலில் 1990க்குப் போன் அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்துக்குப் பக்கத்தில் உள்ள கோயில், இவற்றைச் சொன்னால் வழி பிடித்து வருவார்கள். மகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். எங்களுக்குப் பிறகு அறிவிக்கலாம், நடுச்சாமமானாலும் வருவோம்.

இதை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று எங்கள் அலுமாரியில். மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிடிக்காதது, விட்டுப்போனது எதுவானாலும் கையெழுத்து வைக்கும் முன் சொல்லுங்கள், மாற்றி எழுதுவோம். ஒவ்வொரு டிசம்பரும் மூவருமாக இருந்து பேசி, காசுத் தொகையை விலைவாசிக்கேற்பக் கூட்டுவோம். உங்களைக் கேட்காமல் எதையும் குறைக்க மாட்டோம்.

அன்புடன்,
ஷாமினி டீச்சர்