செவ்வாய்க்கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கான பதில்: டெவ்ஆப்ஸ் பொறியாளர் பணிக்கான விண்ணப்பம்

வணக்கம் மேடம்,

"நீங்கள் செய்த வேலையை நான் மேனேஜரிடம் என்னவென்று சொல்வது?" என்று கேட்டீர்கள். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. என் ரெஸ்யூமில் இருந்த வரி இது: "குபர்னெட்டிஸ், டெராஃபார்ம், ஜென்கின்ஸ் கொண்டு சிஐ/சிடி பைப்லைன்களை மேம்படுத்தி உயர் அப்டைமை உறுதிசெய்தேன்." எவ்வளவு மேம்பட்டது, யாருக்கு என்ன கிடைத்தது என்று அதில் ஒன்றுமே இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு இன்று புது ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறேன். அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

கோவையில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை நடத்துகிறது. சுமார் 3,400 கடைகள் அதில் பில் போடுகின்றன. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை கூட்டம் அதிகம். ஒப்பிடுவதற்கு 2022 ஜனவரி முதல் ஜூன் வரையும், 2024 ஜனவரி முதல் ஜூன் வரையும் எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் அதே ஆறு மாதங்கள்தான்.

முதலில் அப்டைம், அதாவது கடைக்காரர் பில் போட நினைக்கும்போது பில் போட முடிகிற நேரம். அது 99.5 சதவீதத்திலிருந்து 99.96 ஆனது. கேட்க அரை சதவீதம்கூட இல்லாத மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் 2022-இன் அந்த ஆறு மாதங்களில் பில்லிங் நின்றிருந்த நேரம் மொத்தம் 20 மணி 40 நிமிடம். 2024-இல் 1 மணி 55 நிமிடம். மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் மூன்றரை மணி நேரம் 19 நிமிடமாகக் குறைந்திருக்கிறது.

அந்த 20 மணி 40 நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அதில் 10 மணி 50 நிமிடம் நாங்களாகவே நிறுத்தியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை இரவு புதுப் பதிப்பு ஏற்றுவோம். ஒவ்வொரு முறையும் சராசரியாக 50 நிமிடம் பில்லிங்கை மூடிவைப்போம். "திட்டமிட்ட பராமரிப்பு" என்று சொல்லி அதை அப்டைம் கணக்கிலேயே சேர்க்காமல் இருந்தோம். இரவு பத்து மணிக்கு மருந்து வாங்க வந்து நிற்பவருக்கு அது திட்டமிட்டதா, திடீரென்று வந்ததா என்பதில் வித்தியாசமே கிடையாது. அதனால் இரண்டு காலத்துக்கும் அதையும் சேர்த்தே கணக்கிட்டேன். இப்போது புதுப் பதிப்பு கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பழையது இறங்குகிறது. கடையை மூடாமலேயே கல்லாவில் ஆள் மாற்றுவதைப் போல. டேட்டாபேஸ் மாற்றங்களை இரண்டு கட்டமாகப் பிரித்தது இதில் கடினமான பகுதி. அதற்கு நான்கு மாதம் ஆனது.

இன்னொரு 2 மணி 10 நிமிடம் ஒரே ஒரு மாலையில் போனது. 2022 மே மாதம், சனிக்கிழமை 6.40 மணிக்கு சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. அதைப் புதுப்பிக்க வேண்டிய நாள் யாருடைய காலண்டரிலும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, கையால பில் எழுதிக்கிட்டிருக்கேன். எந்த பேட்ச் மருந்து கொடுத்தேன்னு அப்புறம் எப்படி ஏத்துறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரமே சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்தேன். ஏதாவது காரணத்தால் புதுப்பிக்காமல் போனால் 21 நாளுக்கு முன்பே எங்கள் போனுக்கு எச்சரிக்கை வரும். மீதி 7 மணி 40 நிமிடம் வட்டு நிரம்பியது, தவறான பதிப்பு ஏறியது போன்றவற்றால் போனது.

அடுத்தது, எத்தனை முறை புதுப் பதிப்பு ஏற்றுகிறோம் என்பது. 2022-இன் ஆறு மாதங்களில் 13 முறை, 2024-இல் 412 முறை. வேலை நாளுக்கு மூன்று முறைக்குக் கொஞ்சம் அதிகம். இந்த எண்ணை மட்டும் தனியாக மேனேஜரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடிக்கடி ஏற்றி அடிக்கடி உடைத்தால் அதில் பெருமை இல்லை. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: 13-இல் 4 பதிப்புகளைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது, 412-இல் 17-ஐ. நூற்றுக்கு 31 என்றிருந்தது 4 ஆகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறும் மாற்றம் சிறியதாக இருப்பதால், எது உடைத்தது என்று தேட வேண்டியதில்லை. திரும்ப எடுக்க முன்பு 45 நிமிடம் ஆகும். இப்போது 4 நிமிடம், ஒரே கட்டளை:

```
kubectl rollout undo deployment/billing
```

மென்பொருள் குழுவின் வேகத்தையும் நம்பகத்தன்மையையும் அளக்கும் டோரா அளவுகளைப் பற்றி மேனேஜர் கேட்டால், ஏற்றும் எண்ணிக்கை, திரும்ப எடுத்த விகிதம், திரும்ப எடுக்கும் நேரம் ஆகிய இவை அவற்றில் மூன்று. நான்காவது, எழுதி முடித்த மாற்றம் கடைக்காரர் கைக்குப் போய்ச் சேரும் நேரம். முன்பு பெரும்பாலும் 9 நாள் ஆனது, இப்போது ஒரு மணி நேரத்துக்குள்.

பைப்லைன் என்பது டெவலப்பர் எழுதியதைச் சோதித்து, கட்டி, சர்வருக்கு அனுப்பும் தானியங்கி வரிசை. அது 42 நிமிடத்திலிருந்து 11 நிமிடமானது. சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக 24 நிமிடம் ஓடின. நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டதில் 6 ஆனது. தேவையான நூலகங்களை இறக்க ஒவ்வொரு முறையும் 9 நிமிடம் போனது. ஒரு டம்ளர் காபி போட ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போய்த் தூள் வாங்கி வருவதைப் போன்றது அது. மென்பொருளைக் கட்டும் படிகளை எழுதிவைக்கும் டாக்கர்ஃபைலில் மூன்று வரிகளின் வரிசையை இப்படி மாற்றியதில் அது 1 நிமிடமானது:

```
COPY package*.json ./
RUN npm ci
COPY . .
```

நூலகப் பட்டியல் மாறாத வரை, முன்பு இறக்கியதையே எடுத்துக்கொள்ளும். கட்டுவதும் பாதுகாப்புச் சோதனையும் 9-இலிருந்து 4 ஆயின.

ஒரு நாளில் சுமார் 60 முறை இந்த வரிசை ஓடுகிறது. 60-ஐ 31-ஆல் பெருக்கி "தினமும் 31 மணி நேரம் மிச்சப்படுத்தினேன்" என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. எழுதவில்லை. காத்திருக்கும்போது டெவலப்பர்கள் வேறு வேலையும் பார்ப்பார்கள், அதனால் அது உண்மையான மிச்சம் ஆகாது. "42 நிமிடம் 11 ஆனது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எப்படி அளந்தேன் என்றும் கேட்பார்கள். எங்கள் நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து 30 வினாடிக்கு ஒருமுறை ஒரு சோதனை பில் போட்டுப் பார்க்கிறோம். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் நின்றதாகக் கணக்கு. புதுப் பதிப்பு ஏற்றிய எண்ணிக்கை பைப்லைன் பதிவேட்டிலிருந்து எடுத்தது.

நாங்கள் மூன்று பேர் கொண்ட குழு. டெராஃபார்ம் கொண்டு சர்வர்களை அமைத்தது என் சக ஊழியர், அதை என் கணக்கில் சேர்க்கவில்லை. நிறுத்தாமல் ஏற்றும் முறை, பைப்லைன், எச்சரிக்கைகள் என் பொறுப்பு. உங்கள் பணி விவரத்தில் 99.99 சதவீத அப்டைம் என்று இருக்கிறது. மாதத்துக்கு 4 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கலாம் என்று அதற்குப் பொருள். அந்த அளவில் நான் இதுவரை நடத்தியதில்லை. எங்கள் சேவை முழுவதும் மும்பையிலுள்ள ஒரே டேட்டா சென்டர் தொகுப்பில், அதாவது ஒரே ரீஜியனில் ஓடுகிறது. அந்த இலக்குக்கு இரண்டாவது ரீஜியன் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். அந்த வேலையைக் கற்றுச் செய்ய வேண்டும் என்பதும் நான் விண்ணப்பிக்க ஒரு காரணம்.

நிறுவனப் பெயரையும் வாடிக்கையாளர் விவரங்களையும் மறைத்த கிராஃபானா வரைபடங்கள் என்னிடம் இருக்கின்றன, நேர்காணலில் காட்ட முடியும். நோட்டீஸ் பீரியட் 60 நாள். வார நாட்களில் மாலை 7 மணிக்குப் பிறகும், சனிக்கிழமை முழுவதும் பேச வசதி.

அன்புடன்,
செந்தில்குமார்