பயிற்சியில் சேரும் நாளுக்கான காகிதங்கள்

ஜூன் 15, 2026 திங்கட்கிழமை எங்கள் பம்ப் தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேரும் மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவர் ஆறு பேருக்கும் வணக்கம். காலை 9 மணிக்கு மெயின் கேட்டில் செக்யூரிட்டியிடம் பெயர் சொன்னால் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்.

அடையாளத்துக்கு ஆதார், பான் இரண்டும் வேண்டும். ஒரிஜினலைக் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். யாருடைய ஒரிஜினலையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, யார் கேட்டாலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு பிரிண்ட் போதும்; ஆதார் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் "பயிற்சிச் சேர்க்கைக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த நகல் வேறு வேலைக்குப் போகாமல் இருக்க அதுதான் காவல்.

பான் வருமான வரிக் கணக்குக்கு. இல்லாதவர்கள் incometax.gov.in தளத்தில் ஆதாரை வைத்து உடனடி இ-பான் எடுக்கலாம். அரசுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. ஆதாரோடு இணைத்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். அந்த ஓடிபியை எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் கேட்கமாட்டார்கள்.

அதிகம் இடிப்பது பெயர்தான். ஆதாரில் "கே. செல்வி", பானில் "செல்வி கண்ணன்", பாஸ்புக்கில் "செல்வி கே" என்று இருக்கும். பானில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இனிஷியலாக இருக்கக் கூடாது என்பதால் அப்பாவின் பெயர் அங்கே விரிந்துவிடுகிறது. தவறு உங்களுடையது அல்ல. இதற்காக அவசரப்பட்டு ஆதாரைத் திருத்தப் போகாதீர்கள். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் படிவம் எங்களிடம் இருக்கிறது. மூன்றிலும் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அதில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பிறந்த தேதி மாறியிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு உறுதிமொழி போதாது.

வங்கிப் படிவம் மாதம் ₹12,000 உதவித்தொகை வந்து சேருவதற்கு. கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அப்பா, அண்ணன் கணக்கு ஆகாது. பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலோ கேன்சல்டு செக்கோ கொடுங்கள். செக்கில் குறுக்கே இரண்டு கோடு போட்டு CANCELLED என்று எழுதினால் போதும், கையெழுத்து வேண்டாம். பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகிறது. ஓர் எண் மாறி அது இன்னொருவரின் கணக்காக இருந்துவிட்டால், அங்கே போன பணத்தை மீட்பது பெரும்பாடு. அதனால் எண்ணை மனப்பாடத்திலிருந்து எழுதாமல் பாஸ்புக்கைப் பார்த்து எழுதி, பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடம். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், 'ஓ' எழுத்து அல்ல. 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்த அலகாபாத் வங்கி, கனரா வங்கியோடு இணைந்த சிண்டிகேட் வங்கி போன்றவற்றின் பழைய பாஸ்புக் வைத்திருந்தால் அதிலுள்ள குறியீடு செல்லாது. கிளையில் புதியதைக் கேட்டு வாங்குங்கள். முழு கேஒய்சி இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கில் ₹50,000-க்கு மேல் இருப்பு நிற்காது, மாதம் ₹10,000-க்கு மேல் எடுக்கவும் முடியாது. அப்படியானால் சேரும் முன்பே கேஒய்சி கொடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள். 22-ஆம் தேதிக்குள் விவரம் சரியாக வராவிட்டால் அந்த மாதத் தொகை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், மூன்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுதும் தாள் ஆகியவையும் உண்டு. அவசர எண்ணாகப் பகலில் போனை எடுக்கக்கூடியவருடையதைக் கொடுங்கள்.

இனி கையெழுத்துப் படிவங்கள், படிக்காமல் எதிலும் போடாதீர்கள். ரகசியக் காப்பு உறுதிமொழியின்படி வரைபடம், பேட்டர்ன், டெஸ்ட் பெஞ்ச் அளவீடு எதையும் போட்டோ எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வரக் கூடாது. கல்லூரிக்கான புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குத் தடையில்லை; சமர்ப்பிக்கும் முன் உங்கள் வழிகாட்டிப் பொறியாளரின் கையெழுத்தை வாங்குங்கள். பாதுகாப்பு உறுதிமொழியில் ஷூ, கண்ணாடி இல்லாமல் மெஷின் ஷாப்புக்குள் வரமாட்டேன் என்று இருக்கும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் படிவம், 2013 சட்டத்தின்படி உள்ளகக் குழு யார் என்று உங்களுக்குத் தெரிவித்ததற்கான அத்தாட்சி. அந்தச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். புகார் தர மூன்று மாத அவகாசம் உண்டு. குழுவினரின் எண்களை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் படிவத்திலும் நீல மை, பானில் உள்ள அதே கையெழுத்து. நீங்கள் கையெழுத்திட்ட ஒவ்வொன்றின் நகலும் அன்று மாலையே உங்கள் கைக்கு வரும்.

மனிதவளப் பிரிவு
கணபதி, கோவை