கால்க்கில் முதல் கணக்கு: மளிகைப் பட்டியல் (வீடியோவுக்கான பேச்சுரை)

(திரை: விண்டோஸ் முகப்பு. மவுஸ் அம்பு மட்டும் பெரிதாகத் தெரிகிறது.)

வணக்கம். கணினியில் இதுவரை ஓர் அட்டவணைகூடப் போட்டதில்லை என்பவர்களுக்கான பாடம் இது. மளிகைக் கடைக்குக் கொண்டுபோகும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பொருளின் பெயர், அளவு, விலை மூன்றையும் நாம் எழுதுவோம். பெருக்குவதும் கூட்டுவதும் கணினியின் வேலை.

ஒவ்வொரு படியிலும் நான் எதைத் தொடுகிறேன் என்று முதலில் சொல்வேன். தொட்டதும் திரையில் என்ன மாறுகிறது என்று அடுத்துச் சொல்வேன். உங்கள் திரையிலும் அதே மாற்றம் வந்த பிறகு அடுத்த படிக்கு வாருங்கள். வரவில்லை என்றால் வீடியோவை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி கேளுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

நாம் பயன்படுத்தப்போவது லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் என்ற அட்டவணை மென்பொருள். பணம் கட்டாமல் இறக்கிக்கொள்ளக் கூடியது என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். எக்செல் வைத்திருப்பவர்களும் தொடர்ந்து வரலாம். கணக்கு அங்கும் இப்படியேதான் நடக்கும். மெனுக்கள் மட்டும் இடம் மாறியிருக்கும்.

(திரை: அம்பு கீழே போகிறது. விண்டோஸ் பொத்தானைச் சுற்றி மஞ்சள் வட்டம்.)

விண்டோஸ் பொத்தானை ஒரு முறை கிளிக் செய்கிறேன். ஒரு பட்டியல் விரிகிறது. எங்கும் கிளிக் செய்யாமல் LibreOffice என்று தட்டச்சு செய்கிறேன். மேலே அதே பெயர் வந்துவிட்டது. அதன்மேல் ஒரு கிளிக். ஒரு ஜன்னல் திறக்கிறது. சில கணினிகளில் இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மறுபடி மறுபடி கிளிக் செய்ய வேண்டாம், காத்திருங்கள்.

இடது ஓரத்தில் Calc Spreadsheet என்று இருக்கிறது, பாருங்கள். அதன்மேல் ஒரு கிளிக். முழுக்கக் கட்டங்களாக ஒரு தாள் வந்துவிட்டது. நடுவில் Tip of the Day என்று ஒரு சிறு பெட்டி வந்தால், அதில் OK என்பதைக் கிளிக் செய்யுங்கள், போய்விடும்.

(திரை: A, B, C எழுத்துகள் ஒளிர்கின்றன. பிறகு 1, 2, 3 எண்கள்.)

மேலே வரிசையாக A, B, C என்ற எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே மேலிருந்து கீழாக ஓடுவது நெடுவரிசை. இடப்பக்கம் 1, 2, 3 என்ற எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நேராகக் குறுக்கே ஓடுவது வரிசை. இப்படி 10,48,576 வரிசைகள் இந்தத் தாளில் இருக்கின்றன. நமக்கு இன்று ஏழு போதும்.

C என்ற எழுத்துக்குக் கீழே, 4 என்ற எண்ணுக்கு நேராக உள்ள கட்டத்தைக் கிளிக் செய்கிறேன். அதைச் சுற்றித் தடித்த கோடு விழுகிறது. தாளுக்கு மேலே இடது ஓரத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் C4 என்று வந்துவிட்டது. அதுதான் இந்தக் கட்டத்தின் முகவரி. நீங்களும் நாலைந்து கட்டங்களைக் கிளிக் செய்து, அந்தப் பெட்டியில் முகவரி மாறுவதைப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அங்கே பார்த்தால் போதும்.

(திரை: மூன்று விநாடி அமைதி.)

இப்போது A1 கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரை ஒரு முறை தட்டுங்கள். கணினியில் தமிழ் விசைப்பலகை சேர்த்திருந்தால் மொழி மாறும். சேர்க்காதவர்கள் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கில் எந்த மாற்றமும் வராது.

பொருள் என்று எழுதி, டேப் பொத்தானைத் தட்டுகிறேன். தடித்த கோடு வலப்பக்கம் B1க்கு நகர்கிறது. அளவு, டேப். விலை, டேப். தொகை, என்டர். தலைப்பு வரிசை முடிந்தது.

A2 கட்டத்தை மவுஸால் கிளிக் செய்கிறேன். பொன்னி அரிசி, என்டர். என்டர் தட்டினால் கோடு கீழே இறங்குகிறது. துவரம் பருப்பு, என்டர். உளுத்தம் பருப்பு, என்டர். நல்லெண்ணெய், என்டர். சர்க்கரை, என்டர்.

தவறாக எழுதிவிட்டால் அந்தக் கட்டத்தை ஒரு முறை கிளிக் செய்து புதிதாக எழுதுங்கள். பழையது தானாக அழிந்துவிடும். தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால், கன்ட்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு Z தட்டுங்கள். போனது திரும்பி வரும். எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் இனி வேண்டாம்.

(திரை: B2 பெரிதாக்கப்படுகிறது.)

அடுத்தது எண்கள். இங்கே நிதானமாக வாருங்கள். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸ் பாரும் தட்டி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். திரையின் கீழே வலது மூலையில் ENG என்று தெரிய வேண்டும்.

B2வைக் கிளிக் செய்து 10, என்டர். பத்து கிலோ அரிசி. B3இல் 2. B4இல் ஒன்றரை, அதை 1.5 என்று, நடுவில் புள்ளி வைத்து எழுத வேண்டும். B5இல் 1. B6இல் 3.

கிலோ, லிட்டர் என்று நான் எழுதவே இல்லை. கவனித்தீர்களா? எழுதினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு செய்தே காட்டுகிறேன்.

C2வுக்குப் போய் ஒரு கிலோவின் விலை: 62. C3இல் 160. C4இல் 140. C5இல் நல்லெண்ணெய் ஒரு லிட்டர் 380. C6இல் 45. இவை உதாரண விலைகள். உங்கள் கடை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால், இன்று மட்டும் என் எண்களையே போடுங்கள். விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வசதியாக இருக்கும்.

துவரம் பருப்பு என்பதன் கடைசி எழுத்துகள் மறைந்து தெரிகின்றனவா? அவை அழியவில்லை, இடம் போதவில்லை, அவ்வளவுதான். மேலே A, B என்ற இரண்டு எழுத்துகளுக்கும் நடுவில் உள்ள கோட்டின்மேல் அம்பை வையுங்கள். அம்பு இருபுறமும் கூர் உள்ளதாக மாறும். அங்கேயே இரண்டு முறை விரைவாகக் கிளிக் செய்யுங்கள். நெடுவரிசை அகன்று முழுப் பெயரும் தெரிகிறது.

(திரை: D2 ஒளிர்கிறது.)

இப்போது கணக்கு. D2வைக் கிளிக் செய்கிறேன். அரிசியின் தொகை இங்கே வர வேண்டும். 620 என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். ஆனால், அதை எழுத வேண்டாம். சமக்குறி ஒன்றைத் தட்டுகிறேன். கட்டத்தில் = என்று தெரிகிறது. இனி வருவது கணக்கு என்று கால்க்குக்கு இதுதான் அடையாளம்.

என்டர் தட்டாமல் B2வை மவுஸால் கிளிக் செய்கிறேன். D2வுக்குள் B2 என்று தானாக எழுதப்படுகிறது. B2வைச் சுற்றி வண்ணக் கோடும் விழுகிறது. அடுத்து, பெருக்கல் குறி. ஷிப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு 8 தட்டினால் நட்சத்திரம் வரும். கணினியில் அதுதான் பெருக்கல். இப்போது C2வைக் கிளிக் செய்கிறேன். கட்டத்தில் இருப்பது இதுதான்:

```
=B2*C2
```

என்டர். 620 வந்துவிட்டது.

(திரை: ஐந்து விநாடி அமைதி. D2 மட்டும் தெரிகிறது.)

D2வை மறுபடி கிளிக் செய்து, தாளுக்கு மேலே உள்ள நீண்ட வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். கட்டத்தில் 620; பட்டையில் =B2*C2. நாம் எழுதியதை அந்தப் பட்டை காட்டுகிறது, அதன் விடையைக் கட்டம் காட்டுகிறது.

மற்ற நான்கு பொருளுக்கும் இதையே எழுத வேண்டியதில்லை. D2வின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரப் புள்ளி இருக்கிறது. அம்பை அதன்மேல் கொண்டுபோங்கள். அம்பு மெல்லிய கூட்டல் குறியாக மாறும். மாறிய பிறகு மவுஸின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்து, D6 வரை கீழே இழுத்து விடுங்கள். 320, 210, 380, 135 என்று நிரம்பிவிட்டன.

எண்கள் வராமல் கட்டங்கள் மட்டும் நிறம் மாறினால், புள்ளியைப் பிடிக்காமல் கட்டத்தின் நடுவைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. D2வைக் கிளிக் செய்து மறுபடி இழுங்கள்.

D3வைக் கிளிக் செய்து பட்டையைப் பாருங்கள். =B3*C3 என்று இருக்கிறது. நாம் இழுத்தது D2வில் இருந்து. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் அந்தந்த வரிசையின் எண்களைக் கால்க் எடுத்துக்கொண்டது.

A7இல் மொத்தம் என்று எழுதுங்கள். ஆங்கிலத்துக்குத் திரும்பி D7வைக் கிளிக் செய்யுங்கள். சமக்குறி, பிறகு SUM என்ற மூன்று எழுத்து, பிறகு ஷிப்ட் பிடித்து 9; அது திறக்கும் அடைப்புக்குறி. இப்போது D2வின் நடுவில் அழுத்திப் பிடித்து D6 வரை இழுத்து விடுங்கள். ஷிப்ட் பிடித்து 0 தட்டினால் அடைப்புக்குறி மூடும்.

```
=SUM(D2:D6)
```

என்டர். 1665.

பருப்பு விலை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். C3வைக் கிளிக் செய்து 175 என்று எழுதப்போகிறேன். கண்களை D3, D7 இரண்டின்மேலும் வையுங்கள். 175, என்டர்.

(திரை: D3இல் 350, D7இல் 1695. இரண்டும் ஒளிர்கின்றன.)

ஓர் எண்ணைத்தான் தொட்டோம். தொகையும் மொத்தமும் தாமாக மாறிவிட்டன. 1979இல் டேன் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் இருவரும் உருவாக்கிய விசிகால்க் என்ற அட்டவணை மென்பொருள், ஆப்பிள் 2 கணினியில் செய்து காட்டியது இதைத்தான். அழித்து அழித்துத் திரும்பக் கூட்டும் வேலை அதோடு போயிற்று. எனக்கு இன்றும் இதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. உங்கள் தாளிலும் இரண்டு மூன்று விலைகளை மாற்றிப் பாருங்கள். பிறகு கன்ட்ரோல் Z தட்டித் தட்டி 1695க்குத் திரும்புங்கள்.

இனி, காட்டுவதாகச் சொன்னது. B3இல் 2 என்பதற்குப் பதிலாக 2 கிலோ என்று எழுதுகிறேன். என்டர். D3இல் #VALUE! என்று வருகிறது. D7இலும் அதே. B3இல் எழுதியது இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது. மற்ற எண்களெல்லாம் வலப்பக்கம் நிற்கின்றன. இடப்பக்கம் நின்றால் கால்க் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டது என்று பொருள். எழுத்தைப் பெருக்க முடியாது. ஆகவே எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எண் மட்டும். கிலோ வேண்டுமென்றால் பொருளின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். B3இல் 2 என்று மாற்றி என்டர் தட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

கடைசியாகச் சேமிப்போம். கன்ட்ரோல் பிடித்து S. ஒரு ஜன்னல் திறக்கிறது. இடப்பக்கம் Documents என்பதைக் கிளிக் செய்கிறேன். File name என்ற இடத்தில் மளிகை ஜூன் என்று எழுதி, Save என்பதைக் கிளிக் செய்கிறேன். ஜன்னல் மூடிக்கொள்கிறது; திரையின் உச்சியில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

மேலே வலது மூலையில் உள்ள பெருக்கல் குறியைக் கிளிக் செய்து மூடுங்கள். பிறகு LibreOfficeஐ முன்போலவே திறங்கள். மளிகை ஜூன் அங்கே சிறு படமாக நிற்கும். அதன்மேல் ஒரு கிளிக். D7இல் 1695 இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த மாதக் கணக்குக்கும் இதே தாள் போதும். ஆனால், ஓர் எண்ணையும் மாற்றுவதற்கு முன்பு, மேலே File என்பதைக் கிளிக் செய்து, விரியும் பட்டியலில் Save As என்பதைக் கிளிக் செய்து, மளிகை ஜூலை என்று பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். அப்போதுதான் ஜூன் கணக்கு ஜூன் கணக்காகவே இருக்கும்.