நிட்டிங் ஊசி, சிங்கர் விலைப்புள்ளி: ஆறு மாதத்துக்கு யூரோ விகிதத்தை நிர்ணயிப்பது குறித்து

கோயம்புத்தூர்
14.07.2025

பெறுநர்:
கொள்முதல் மேலாளர் அவர்கள்,
பின்னலாடைப் பிரிவு, திருப்பூர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஜெர்மன் ஊசிகளுக்கும் சிங்கர்களுக்கும் 1.8.2025 முதல் 31.1.2026 வரை விலை மாறாத விலைப்புள்ளி கேட்டிருந்தீர்கள். யூரோ விலையை மாற்றாமல் தர எங்களால் முடியும். சிக்கல் ரூபாயில்தான். ஜனவரியில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ இப்போது 100 ரூபாயை ஒட்டி நிற்கிறது. இந்த நிலையில் வழக்கமாக நாங்கள் செய்வது, 15 நாள் மட்டும் செல்லும் விலை தருவது, அல்லது விலையோடு ஐந்து சதவீதம் கூட்டி வைப்பது. முதலாவது உங்கள் ஆடை ஆர்டருக்கான கணக்கைக் குழப்பும். இரண்டாவதில், யூரோ ஏறாமலே போனாலும் அந்த ஐந்து சதவீதத்தை நீங்கள் கொடுத்திருப்பீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அடிப்படை விகிதம் ஒரு யூரோவுக்கு 100 ரூபாய். 97 முதல் 103 வரை எங்கு நின்றாலும் பில் 100 ரூபாய் விகிதத்திலேயே வரும். அந்த ஏற்ற இறக்கம் எங்கள் பொறுப்பு. அதைத் தாண்டினால், தாண்டிய தொகையை மட்டும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம். இறங்கினாலும் இதே கணக்கு.

மாதம் 10,000 யூரோ சரக்கு என்று வைத்துக்கொள்வோம். யூரோ 106 ஆனால் எங்களுக்குக் கூடுதல் செலவு 60,000 ரூபாய். அதில் உங்கள் பில்லில் சேர்வது 15,000 மட்டுமே. மீதி 45,000 எங்களுடையது. 94 ஆக இறங்கினால் பில்லில் 15,000 குறையும்.

எந்த நாள் விகிதம் என்பதில் பின்னால் சண்டை வரக்கூடாது. பில் தேதிக்கு முந்தைய ஐந்து வேலைநாள்களின் எஃப்.பி.ஐ.எல். ரெஃபரன்ஸ் விகிதச் சராசரியை எடுப்போம். யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். எங்கள் வங்கி என்ன விகிதம் போட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. சுங்கத்துறை தனியாக அறிவிக்கும் விகிதத்தால் வரியில் வரும் வித்தியாசம் எங்களுடையது. ஜி.எஸ்.டி. பில் தொகைப்படி. சராசரி 108க்கு மேலோ 92க்குக் கீழோ போனால், அனுப்பாத சரக்குக்கு இரு தரப்பும் மறுபடி பேசிக்கொள்ளலாம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மாதவாரி அளவு உறுதியாக வேண்டும். அது இருந்தால்தான் வங்கியில் ஃபார்வர்ட் ஒப்பந்தம் போட்டு எங்கள் பங்கு நட்டத்தை மட்டுப்படுத்த முடியும். ஒரு மாத அளவில் பத்து சதவீதம் கூடக் குறைய இருப்பதில் ஆட்சேபம் இல்லை. அதற்கு மேல் குறைந்தால், ரத்தாகும் ஃபார்வர்டுக்கு வங்கி பிடிக்கும் தொகையை மட்டும் ரசீதோடு உங்களிடம் கேட்போம்.

சம்மதமானால், மாதவாரி அட்டவணையுடன் 25.7.2025க்குள் பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புங்கள். 97–103 வரம்பு உங்களுக்கு ஒத்துவராவிட்டால் தொலைபேசியில் சொல்லுங்கள். அதைக் குறுக்கிக்கொண்டு அடிப்படை விலையைச் சற்றுக் குறைத்துத் தரவும் வழி உண்டு.

இப்படிக்கு,
விற்பனை மேலாளர்,
இறக்குமதி உதிரிபாகப் பிரிவு